கிரைண்டரா, மிக்ஸியா

பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போட்டாச்சு.
6 மாதம் கழித்து இன்னொரு முறை போய்
இருவரும் "ஆமாம்" சொல்ல வேண்டும்.
கட்டில், பீரோ பேச்சில்லாமல் பிரிந்தன.
இந்த இரண்டில்தான் நின்றோம்.

விலை:
கிரைண்டர், அப்பா கோயம்புத்தூரில் வாங்கித் தந்தது.
மிக்ஸி, நாம் தவணையில் எடுத்தது;
கடைசித் தவணை நீங்கள் கட்டியது.

உழைப்பு:
கிரைண்டருக்கு 11 வருடத்தில் பெல்ட் மட்டும் இரண்டு முறை.
மிக்ஸிக்கு பிளேடு மழுங்கிவிட்டது,
வாஷர் வழியே சட்னி கசியும்.
(ஒரு கைக்குட்டையை அடியில் மடித்து வைப்பீர்கள்.
அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.)

சௌகரியம்:
மிக்ஸி, ஓர் ஆளுக்கு இரண்டு நிமிடம்.
ஆனால் உளுந்து சூடேறும், இட்லி கல்லாகும்.
கிரைண்டரில் அரை மணி நேரம்.
நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்க,
நான் ஓரத்தை வழித்துவிட,
பஞ்சாகப் பொங்கி வரும்.
அப்போதெல்லாம் ஏதோ பேசிக்கொண்டிருந்தோம்.

ஒண்டியாகச் சமைக்க மிக்ஸி போதும்.
ஆள் வந்துபோகும் வீட்டுக்கு கிரைண்டர்.
அப்படிப் பார்த்தால் இருவருக்கும் மிக்ஸிதான்.

ஆனாலும் கிரைண்டரை நான் எடுத்துக்கொண்டேன்.
"கல்லு கனக்கும், தூக்கிடுவியா?"
"ஆட்டோ வரைக்கும் ஒரு கை பிடிங்க."