மொத்தமா, சமமா, வருஷா வருஷமா: ஒரே காப்புக்கு மூணு பிரீமியம்

55 வயசுக்காரர் ஒருத்தருக்கு வீவக வீட்டுக் கடன் இன்னும் மூணு வருஷம் பாக்கி. அதுக்குள்ள தனக்கு ஏதாவது ஆயிட்டா குடும்பத்துக்கு 100,000 வெள்ளி கிடைக்கணும்னு டெர்ம் பாலிசி பாக்குறார். மூணு விதமா கட்டலாம்: இப்பவே மொத்தமா, இல்ல வருஷம் ஒரே தொகையா, இல்ல ஒவ்வொரு வருஷமும் வயசுக்கேத்த ரேட்ல.

இதுக்கு ஒரு இறப்பு அட்டவணை வேணும். 55 வயசுல 10,000 பேர் இருக்காங்கன்னு வைங்க, முதல் வருஷம் 40 பேர், அடுத்த வருஷம் 50, மூணாவது வருஷம் 60 பேர் இறக்குறாங்க. இது கணக்குக்காக நானே போட்டது, கம்பெனிங்க வச்சிருக்கற அட்டவணைல ஆண் பெண், புகைபிடிக்கறவங்க பிடிக்காதவங்கன்னு தனித்தனியா இருக்கும். வட்டி 3%, பிரீமியம் வருஷ ஆரம்பத்துல கட்டணும், இறந்தா கிடைக்கற பணம் வருஷக் கடைசில குடும்பத்தோட கைக்கு வரும்.

முதல்ல மொத்தமா கட்டறது. முதல் வருஷம் பணம் கொடுக்க வேண்டிய வாய்ப்பு 10,000-ல 40, அதனால ஆளுக்கு சராசரியா 400 வெள்ளி. ஆனா அது ஒரு வருஷம் கழிச்சுத்தானே போகப்போகுது, 1.03-ஆல வகுத்தா இன்றைய மதிப்பு 388. ரெண்டாவது வருஷத்து 500-ஐ ரெண்டு தடவை வகுக்கணும், 471. மூணாவது வருஷத்து 600-ஐ மூணு தடவை, 549. சில்லறையையும் சேர்த்தா 1,409 வெள்ளி. செலவு, கமிஷன், லாபம் எதுவும் சேக்காத சுத்தமான பிரீமியம் இதுதான்.

சமமா கட்டணும்னா 1,409-ஐ மூணால வகுத்து 470-னு சொல்லத் தோணும். அது கம்பெனிக்குப் பத்தாது, ஏன்னா இறந்தவர் அடுத்த பிரீமியம் கட்டமாட்டார், உயிரோட இருக்கறவர் கட்டறதும் தள்ளித்தான் வருது. ரெண்டாவது பிரீமியத்தை 9,960 பேர்தான் கட்டுவாங்க, மூணாவதை 9,910 பேர். வருஷம் 1 வெள்ளி கட்டறதா வச்சு இதையெல்லாம் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தா 1 + 0.967 + 0.934, அதாவது 2.901. 1,409-ஐ இதால வகுத்தா வருஷம் 486.

வருஷா வருஷம் ரேட் மாறுற பாலிசில முதல் வருஷம் 388, அடுத்து 487, அப்புறம் 588. இங்க பாருங்க, ரெண்டாவது வருஷத்துக்கு 50-ஐ 9,960-ஆல வகுக்கணும், 10,000-ஆல இல்ல, அந்த வருஷம் பிரீமியம் கட்ட உயிரோட இருக்கறவங்க அவ்வளவுதான்.

மூணு வருஷமும் இருந்து கட்டினா மொத்தம் 1,409, 1,458, 1,463. உடனே மொத்தமா கட்டறதுதான் மலிவுன்னு சொல்லிடறாங்க, நமக்குத் தெரிஞ்ச ஏஜென்ட்டே சொல்வார், ஆனா 3% வட்டில மூணும் ஒரே விலைதான். உங்க கையில இருக்கற காசு உங்களுக்கு 3%-க்கு மேல சம்பாதிக்குதுன்னா, இல்ல கிரெடிட் கார்டு கடன் ஓடுதுன்னா, மொத்தமா தூக்கிக் கொடுக்கறது நஷ்டம்.

நிஜமான வித்தியாசம் பாதியில விடும்போதுதான் தெரியும். சமமா கட்டறவர் முதல் வருஷம் 388-க்கு பதிலா 486 கட்டுறார், கிட்டத்தட்ட 100 வெள்ளி கூடுதல். அது மூணாவது வருஷம் 588-க்கு பதிலா 486 கட்டறதுக்கான முன்பணம். ஒரு வருஷத்துல வீட்டை வித்து கடனை அடைச்சிட்டு பாலிசியை விட்டார்னா அந்த முன்பணம் போச்சு, சாதாரண டெர்ம் பாலிசில திரும்பக் கிடைக்காது. வருஷா வருஷம் கட்டறவருக்கு அந்தக் கவலை இல்ல.

அதனால சீக்கிரம் விடற வாய்ப்பு இருந்தா நான் வருஷா வருஷம்தான் எடுப்பேன், கடைசிவரை இருப்பேன்னு உறுதியா இருந்தா சமமா கட்டறது.

கம்பெனி பக்கம் இது வேற மாதிரி. ரேட் ஏற ஏற நல்ல உடம்போட இருக்கறவங்க கழண்டுக்குவாங்க, சர்க்கரை, இதயம்னு இருக்கறவங்க விடாம கட்டுவாங்க. மிச்சமிருக்கற கூட்டத்துல அட்டவணை சொன்ன 60-க்கு மேல சாவு வரும், அப்புறம் 588 பத்தாது. சிபிஎஃப் உறுப்பினர் இறந்தா குடும்பத்துக்குப் பணம் கொடுக்கற நம்ம டிபிஎஸ் திட்டத்துலயும் ரேட் வயசுக்கேத்த மாதிரி படிப்படியாத்தான் ஏறுது: 34 வயசு வரை வருஷம் 18 வெள்ளி, 45-லிருந்து 49 வரை 93, 50-லிருந்து 54 வரை 188. 60 வயசு வரை காப்பு 70,000 வெள்ளி. அங்க வேலைக்குச் சேர்றவங்களை தானாவே சேத்துடறாங்க, வேணாம்னா நாமதான் விலகணும், அதனால ஆரோக்கியமானவங்களும் பெரும்பாலும் உள்ளயே இருக்காங்க.

கொட்டேஷன் வந்ததும் முதல் வருஷ ரேட்டை மட்டும் ஒப்பிடாதீங்க, 388-ஐ காட்டி 588-ஐ சொல்லாம விடறது ரொம்ப சுலபம். எல்லா வருஷத்து ரேட்டும் போட்ட பக்கத்தைக் கேட்டு வாங்கி, நீங்க நிஜமா எத்தனை வருஷம் வச்சிருப்பீங்களோ அதுவரைக்கும் மட்டும் கூட்டிப் பாருங்க.