கிளினிக் குறிப்புகளை விரித்தெழுத மூன்று நிரல் தாள்: நீண்ட காலப் பாவனை அனுபவம்

வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் வைத்தியர்மாரின் கையெழுத்துக் குறிப்புகளை முழுச் சொற்களில் ரைப் செய்வது என் வேலை. பல வருடங்களாக ஒரே முறையைத்தான் பாவிக்கிறேன்: தாளில் மூன்று நிரல். முதலாவதில் வைத்தியர் எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே. இரண்டாவதில் விரிவு. மூன்றாவதில், சந்தேகம் இருந்தால் மட்டும், கேள்வி. சுருக்கத்தை அழித்துவிட்டு விரிவை மட்டும் வைத்தால், பிழை எங்கே புகுந்தது என்று பிறகு யாராலும் பிடிக்க முடியாது. அதனால் முதல் நிரலில் நான் கைவைப்பதே இல்லை.

பழகிவிட்டால் பெரும்பாலான சுருக்கங்கள் தடுக்காது. 3/7 என்றால் மூன்று நாள், 3/52 மூன்று கிழமை, 3/12 மூன்று மாதம். புதிதாக வருபவர்கள் "இருமல் 3/12" என்பதைத் திகதியாக வாசித்துவிடுவார்கள். நோய்க்குறிக்குப் பின்னால் வந்தால் அது காலம்தான்.

சிக்கல் தருவது ஓ.டி. போன்றவை. பொதுக் கிளினிக்கில் அது ஒரு நாளைக்கு ஒருமுறை. கண் கிளினிக்கில் வலது கண்ணையும் குறிக்கும். குளுக்கோமா நோயாளி ஒருவரின் துண்டில் "லட்டனோபுரோஸ்ட் துளி, ஓ.டி., இரவு" என்று இருந்தது. அந்த மருந்து வழமையாக இரவில் ஒருமுறைதான் விடுவது. ஆகவே இரண்டு வாசிப்பும் பொருந்துகிறது. அதே பக்கத்தில் மேலே பார்த்தேன்: கண் அழுத்தம் வலது 24, இடது 26. சாதாரண எல்லை 21 வரை என்பதால் இரண்டு கண்ணிலும் கூடுதல். தவிர, அந்த வைத்தியர் கண்களை ஆர்.ஈ., எல்.ஈ. என்றே குறித்திருந்தார். 'ஒருமுறை' என்ற பக்கமே சாய்கிறது. ஆனாலும் எந்தக் கண் என்று எழுதவில்லையே! வலது மட்டும் என்று நான் விரித்திருந்தால், அழுத்தம் அதிகமான இடது கண் மருந்தில்லாமல் கிடந்திருக்கும். குளுக்கோமா பெரும்பாலும் வலிக்காது, நோயாளிக்கே தெரியவராது.

மூன்றாம் நிரலில் "ஓ.டி. என்றால் என்ன?" என்று எழுதிப் பயனில்லை. "இரு கண்ணுக்கும் தினம் ஒருமுறையா, வலதுக்கு மட்டுமா சேர்?" என்று கேட்டேன். "இரண்டுக்கும்" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. அவரே அதைத் துண்டில் எழுதிக் கையொப்பமும் வைத்தார்.

இந்த முறையின் குறை, கேள்விகள் பெருகுவது. எல்லாவற்றுக்கும் கேள்வி போட்டால் வைத்தியர் தாளைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். இரண்டு வாசிப்பில் மருந்தோ, அளவோ, உறுப்போ, திகதியோ மாறுமானால் மட்டும் கேட்பேன். மருந்துப் பெயரின் சுருக்கத்தை மாத்திரம் நானாக விரிப்பதில்லை. எச்.சி.டி. ஹைட்ரோகோர்ட்டிசோனாகவும் இருக்கலாம், ஹைட்ரோகுளோரோதையசைட்டாகவும் இருக்கலாம். ஒன்று ஸ்டீரொய்ட், மற்றது பிரஷர் குளிசை. அப்படியானவற்றுக்கு இரண்டாம் நிரல் வெறுமையாகவே வைத்தியரிடம் போகும்.