உறைந்த கொழுப்பும் அடைத்துக்கொண்ட சிங்க்கும்: காஸ்டிக் தூளா, வெந்நீரா?

உதகையில் எங்கள் வீட்டுச் சமையலறை சிங்க் பதினான்கு மாதங்களில் இரண்டு முறை அடைத்துக்கொண்டது. முதல் முறை கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளைப் போட்டேன். இரண்டாம் முறை வெந்நீரையும் ரப்பர் பிளஞ்சரையும் கொண்டு சரிசெய்தேன். குழாய் அதேதான், அடைத்த பொருளும் அதேதான் என்பதால், இரண்டு வழிகளையும் ஒப்பிட எனக்குக் கிடைத்த வாய்ப்பு ஓரளவு நேர்மையானது. நான் வெந்நீரின் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

சமவெளியில் இருப்பவர்களுக்குக் குழாய் அடைப்பு என்றால் சோற்றுப்பருக்கையும் தலைமுடியும்தான் நினைவுக்கு வரும். மலையில் அடைப்பின் பெரும்பகுதி கொழுப்பு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உதகையில் ஆண்டின் பெரும்பகுதி அதற்குக் கீழேதான் கழிகிறது. ரேஷன் பாமாயில்கூடக் குளிர்காலத்தில் பாக்கெட்டுக்குள்ளேயே வெள்ளையாகத் திரண்டு நிற்பதை இங்குள்ள எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆட்டுக்கொழுப்பு உருகுவதற்கோ 45 முதல் 50 டிகிரி வரை வேண்டும். ஆக, தட்டிலிருந்து கழுவிவிடும் எண்ணெய் சிங்க்கைத் தாண்டி, வெளிச்சுவரை ஒட்டி ஓடும் சில்லிட்ட பிவிசி குழாய்க்குள் போனதும் அப்பிக்கொள்கிறது. அதன்மேல் கேரட், உருளைக்கிழங்கு கழுவிய செம்மண்ணும், வடிகட்டியில் தட்டிய தேயிலைத் தூளும் ஒட்டிக்கொள்ள, நாளடைவில் அது சாந்து பூசியதுபோல் இறுகுகிறது.

முதல் அடைப்பு ஒரு டிசம்பர் மாத இறுதியில், வீடு நிறைய விருந்தினர் இருந்தபோது, இரண்டு நாள் தொடர்ந்து ஆட்டுக்கறி சமைத்த பிறகு வந்தது. நான் ஒரு பாக்கெட் தூளைக் கொட்டி, அரைமணி நேரம் கழித்தும் தண்ணீர் இறங்காததால் இன்னொரு பாக்கெட்டையும் கொட்டினேன். அந்தத் தூளில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அது கொழுப்போடு சேர்ந்தால் சோப்பாக மாறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் நடப்பதற்குச் சூடும், தண்ணீரும், கொழுப்போடு நேரடித் தொடுகையும் வேண்டும். என் குழாயில் அடைப்பு சிங்க்கிலிருந்து வெகு தொலைவில், குளிர்ந்த கிடைக்குழாயில் இருந்தது. தூள் கரையும்போது எழுந்த சூடெல்லாம் முதல் இரண்டடியிலேயே தீர்ந்துபோனது. எஞ்சிய பாதி வினையில் உருவானது என்ன என்று, மறுநாள் குழாயை அறுத்துப் பார்த்த பிளம்பர்தான் காட்டினார். “அக்கா, உள்ளே சோப்புக்கட்டி வார்த்து வெச்சிருக்கீங்க” என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. காஸ்டிக் சோடாவும் ஆட்டுக்கொழுப்பும் சேர்ந்தால் கிடைப்பது துணி சோப்பின் இனத்தைச் சேர்ந்த கெட்டிச் சோப்புதான். அது கரையாத கொழுப்பையும் மண்ணையும் பிணைத்துக்கொண்டு, பழைய அடைப்புக்கும் கீழே போய்ப் புதிய அடைப்பாக நின்றது. இரண்டரை அடிக் குழாயை மாற்ற வேண்டியதாயிற்று.

கூடவே ஒரு தொல்லையும் இருந்தது. அடைப்பு போகாவிட்டால், சிங்க் நிறையக் கார நீர் தேங்கி நிற்கும். அதன்பின் பிளஞ்சரால் குத்த முடியாது, முகத்தில் தெறிக்கும். வெந்நீர் ஊற்ற முடியாது, கொதித்துப் பொங்கும். கழிவறை கழுவும் அமிலத்தை ஊற்றுவதோ அதைவிட ஆபத்து. அதாவது, தூள் தோற்றுப்போனால் மற்ற எல்லா வழிகளையும் அடைத்துவிட்டுத்தான் தோற்கிறது. குழாயை அறுப்பவரிடம் உள்ளே காஸ்டிக் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவ வேண்டும்.

குளியலறை வாஷ்பேசினில் தலைமுடி அடைத்துக்கொண்டால் காஸ்டிக் தூள் நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் காரம் முடியைக் கரைக்கும், அடைப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆனால் அதே முடியை நுனி வளைத்த கம்பியால் இரண்டு நிமிடத்தில் இழுத்துவிடலாம் என்பதால் நான் அதற்கும் வாங்குவதில்லை.

இரண்டாம் அடைப்பு பதினான்கு மாதம் கழித்து, ஒரு பிப்ரவரியில் வந்தது. இம்முறை எதையும் ஊற்றுவதற்கு முன், அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இரவு முழுக்கச் சிங்க்கைப் பயன்படுத்தாமல் விட்டதில், தேங்கிய தண்ணீர் மெல்லக் கசிந்து குழாய் காலியாகியிருந்தது. காலையில் ஒரு லிட்டர் குவளையால் அளந்து அளந்து ஊற்றினேன். ஒன்றரை அங்குலக் குழாய் ஏறத்தாழ மூன்றடி நீளத்துக்கு ஒரு லிட்டர் கொள்ளும். மூன்று லிட்டர் உள்ளே போன பிறகு தண்ணீர் ஏறி நின்றது; ஆகவே அடைப்பு சிங்க்கிலிருந்து ஒன்பதடி அளவில், வெளிச்சுவர்ப் பகுதியில் இருக்க வேண்டும். கொழுப்பு அப்பிக் குறுகிய குழாய் ஒவ்வோர் அடிக்கும் சற்றுக் குறைவாகவே கொள்ளும் என்பதால், இன்னும் ஓரடி தள்ளியும் இருக்கலாம். வெளியே போய்ப் பார்த்தால், அந்த இடத்தில் சுவர் கிளிப் ஒன்று பிடி தளர்ந்து, குழாய் தொட்டில்போல் தொய்ந்திருந்தது. மாறாக, முதல் குவளையிலேயே தண்ணீர் ஏறி நின்றிருந்தால், குற்றவாளி சிங்க்குக்கு நேர் கீழே உள்ள பாட்டில் டிராப்தான். அடியில் வாளி வைத்து, அதைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவினால் வேலை முடிந்தது.

இந்த அளவு தெரிந்த பிறகுதான், “ஒரு கெட்டில் வெந்நீர் ஊற்றிப் பாருங்கள்” என்ற வழக்கமான அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பது புரிந்தது. கெட்டிலில் இருப்பது ஒன்றரை லிட்டர். அது குளிர்ந்த குழாயில் ஐந்தடி போவதற்குள் வெதுவெதுப்பாகிவிடும். தேங்கிய தண்ணீரின்மேல் ஊற்றினாலோ, வெந்நீர் மேலேயே நின்றுவிடும், அடைப்பைத் தொடவே தொடாது. எனவே முதலில் சிங்க்கில் நிற்பதை முழுவதும் மொண்டு எடுத்துவிட வேண்டும்; பிறகு பத்துப் பதினைந்து லிட்டராவது இடைவிடாமல் ஊற்ற வேண்டும்.

சூடும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். பிவிசி குழாய் 80 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும், இணைப்பு வாஷர்களும் கெடும். ஆட்டுக்கொழுப்பு உருகுவதற்கு 50 போதும். உதகையின் உயரத்தில் தண்ணீர் கொதிப்பதே ஏறத்தாழ 92 டிகிரியில்தான். நான் இரண்டு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தேன். பனிக்காலக் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கலவை 65 டிகிரி அளவில் வரும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு கரண்டி சேர்த்தேன். உருகிய கொழுப்பு மீண்டும் குழாயில் ஒட்டாமல் தண்ணீரோடு போவதற்கு அது உதவும்.

முதல் ஐந்து லிட்டர் ஊற்றிக் கால்மணி நேரம் விட்டதும் தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கியது. பிறகு பிளஞ்சரை எடுத்தேன். சிங்க்குக்குத் தட்டையான கிண்ண வடிவப் பிளஞ்சர் வேண்டும், கழிவறைக்கான நீட்டுவாய்ப் பிளஞ்சர் பொருந்தாது. சிங்க்கில் ரப்பர் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும்; மேலே வழிவுத் துளை இருந்தால் ஈரத்துணியால் இறுக அடைக்க வேண்டும், இல்லையென்றால் நம் அழுத்தமெல்லாம் அந்தத் துளை வழியே போய்விடும். பலரும் ஓங்கிக் குத்துவதிலேயே கவனம் வைக்கிறார்கள். உறைந்த கொழுப்பு அசைந்து உடைவது மேலே இழுக்கும்போதுதான் என்பது என் அனுபவம். இருபது முறை ஏற்றி இறக்கி, மீண்டும் ஐந்து லிட்டர் ஊற்றி, இன்னொரு சுற்று இழுத்ததும் ‘களக்’ என்ற ஒலியோடு சுழித்து இறங்கியது. எஞ்சிய ஐந்து லிட்டரையும் உடனே ஊற்றினேன். மொத்தம் முக்கால் மணி நேரம், கொஞ்சம் கேஸ், கொஞ்சம் தோள்வலி.

வெந்நீர் கொழுப்பை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவே. அது குழாயின் கடைசியில் உள்ள கல்லி டிராப்பில் போய் மீண்டும் உறையும். ஒரு மணி நேரம் கழித்து அதன் மூடியைத் திறந்தபோது, வெள்ளை அடையாக மிதந்தது. பழைய கரண்டியால் அள்ளிக் குப்பையில் போட்டேன். இந்த வேலையைத் தவிர்த்தால் அடுத்த அடைப்பு அங்கேதான்.

சோடா உப்பும் வினிகரும் நுரைப்பதைப் பார்க்க நன்றாயிருக்கிறது. ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும் அந்த இரண்டும் கொழுப்பை ஒன்றும் செய்வதில்லை.

நொதித் தூள்களைப் பற்றி என்னால் குறைவாகவே சொல்ல முடியும், மார்ச் முதல் மே வரை மூன்று மாதமே பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றில் கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளும், அவற்றைச் சுரக்கும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. அவை முழு அடைப்பைத் திறப்பதற்கானவை அல்ல. குழாய்ச் சுவரில் படியும் மெல்லிய படலத்தைக் கரைப்பதற்கானவை. இரவில் கடைசிப் பாத்திரத்தையும் கழுவி முடித்தபின், வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஊற்றி, காலை வரை சிங்க்கைத் தொடாமல் விட வேண்டும். முந்தைய நாளோ மறுநாளோ பிளீச்சிங் பவுடரும் காஸ்டிக்கும் போகக் கூடாது. மலைவாசிக்கு இதில் உள்ள சிக்கல், பாக்டீரியா சுறுசுறுப்பாக இருப்பது 30 டிகிரியை ஒட்டித்தான். 10 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ உறங்கிவிடும். உறைபனி விழும் ஜனவரி இரவில் வெளிச்சுவர்க் குழாய்க்குள் அவற்றை ஊற்றுவது பணத்தை ஊற்றுவதுதான். அந்த மூன்று மாதத்தில் தண்ணீர் தடையில்லாமல் போனது. ஆனால் அதற்குள் நான் தொய்ந்த குழாயையும் நிமிர்த்திவிட்டதால், பெருமை யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

குழாயை நிமிர்த்தியதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். கிடைக்குழாய் நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் இருக்க வேண்டும். பன்னிரண்டடி நீளத்துக்கு மூன்றரை அங்குலத்துக்குச் சற்று மேல். எங்களுடையதில் ஓரங்குலம்கூட இல்லை. மூன்றடிக்கு ஒரு கிளிப் அடித்து, வளைவில் கதவு வைத்த ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்தச் சொன்னேன். இனி அறுக்காமல் திறந்தே கம்பி விடலாம்.

மற்றபடி, எண்ணெய்ப் பாத்திரங்களைத் தண்ணீர் காட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாளால் துடைத்துவிடுகிறோம். கறி சமைத்த சட்டியை ஒரு மணி நேரம் ஆறவிட்டால், குளிர் தானாகவே கொழுப்பை மேலே உறைய வைத்துவிடுகிறது, வழித்தெடுப்பது எளிது. கேரட்டையும் கிழங்கையும் வாசலில் வாளியில் கழுவி, மண் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றுகிறோம்; தேயிலைச் சக்கை ரோஜாச் செடிக்குப் போகிறது. சனிக்கிழமை இரவுகளில் மேலே சொன்ன 65 டிகிரித் தண்ணீர் பத்து லிட்டர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதை வாரம் இரண்டு முறையாக்கி, ஞாயிறு காலையில் கல்லி டிராப்பின் மூடியைத் திறந்து அள்ளிவிடுகிறேன்.