தவணையை ஒத்திவைக்கக் கேட்பதா, காலத்தை நீட்டிக்கக் கேட்பதா?

வேலை போனதும் கடன் கொடுத்தவருக்கு எழுதும் கடிதத்தில் பெரும்பாலோர் கேட்பது ஆறு மாத ஒத்திவைப்பு. வேறு வேலை உறுதியாகாதவர் அதைக் கேட்கக் கூடாது என்பதே என் கருத்து.

மணலியில் தொழிற்சாலை வேலையை இழந்து, இப்போது காசிமேட்டில் மீன் ஏற்றும் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிலுவை அசல் 3,00,000 ரூபாய், வட்டி 12 சதவீதம், மிச்சம் 36 மாதம், தவணை 9,964 ரூபாய். மனைவியின் தையல் வருமானத்தையும் சேர்த்து வீட்டுக்கு வருவது 20,500. வாடகை, சாப்பாடு, பள்ளிச் செலவு போக நிற்பது 9,000.

ஒத்திவைத்தால் அந்த ஆறு மாத வட்டியும் அசலில் ஏறி, கடன் 3,18,456 ஆகும். பிறகு 36 மாதத்துக்கு 10,577 கட்ட வேண்டும். பழைய தவணையே எட்டாதவருக்கு அதைவிடப் பெரிய தவணை! ஆறு மாதம் வட்டி மட்டும், அதாவது மாதம் 3,000 கட்டுவது இதைவிட நல்லது, கடன் வளராது. ஆனாலும் ஏழாம் மாதம் அதே 9,964 வந்து நிற்கும்.

காலத்தை 60 மாதமாக நீட்டினால் தவணை 6,673. மொத்தத்தில் சுமார் 41,700 ரூபாய் கூடுதல் வட்டி போகும். ஒத்திவைப்பில் அது சுமார் 22,000தான். கூடுதல் செலவு வலிக்கத்தான் செய்யும். ஆனால் இன்றைய வருமானத்தில் கட்ட முடிவது இது ஒன்றுதான்.

இங்கேதான் உண்மையான கணக்கு உதவுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் வருமானம் 12,000 ஆகக் குறைந்து, செலவு போக 500தான் மிஞ்சும். இதைச் சொல்லாத கடிதம் முதல் தடைக்காலத்திலேயே பொய்த்துவிடும். ஆகவே இப்படி எழுதலாம்:

"தடைக்காலத்தில் தவணைக்கு மாதம் 6,173 ரூபாய் குறையும். மற்ற பத்து மாதங்களில் தலா 1,250 ரூபாய் ஒதுக்கி அதை ஈடுகட்டுவேன். நிரந்தர வேலை கிடைத்ததும் தெரிவிப்பேன். அப்போது கட்டணமின்றித் தவணையை உயர்த்த அனுமதி வேண்டுகிறேன்."

மனைவியின் வருமானத்தையும் வேலை முடிந்தபோது கைக்கு வந்த தொகையையும் மறைக்க வேண்டாம். வங்கிக் கணக்கு அறிக்கையில் இரண்டும் தெரியும். பிடிபட்டால் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்கள். பணி விடுவிப்புக் கடிதத்தையும் ஆறு மாதக் கணக்கு அறிக்கையையும் இணையுங்கள்.

கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. கொடுத்தாலும், மறுசீரமைத்த கடன் என்ற குறிப்பு உங்கள் கடன் வரலாற்றில் ஏறக்கூடும். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்: 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அந்தப் பதிவு இதைவிட மோசமானது. முதல் தவணை தவறுமுன் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்ய அந்த நகல்தான் ஆதாரம்.