பயோவில் பிள்ளையைப் பற்றிச் சொல்வதா, பேச்சுக்கு விடுவதா?

விவாகரத்துக்குப் பின் டேட்டிங் செயலிக்குத் திரும்பும், ஒன்பது வயது மகளின் தாய் ஒருவர் இரண்டு விதமாக எழுதலாம்.

முதலாவது: “38, விவாகரத்தானவர். வாரநாள்கள் மகளுக்கு, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் எனக்கு. பழைய பாடல்களும் ஃபில்டர் காபியும் பிடிக்கும்.”
இரண்டாவது: “38, பழைய பாடல்கள், ஃபில்டர் காபி.”

வரவேற்பு: முதலாவதற்குக் குறையலாம்; ஆயினும் பிள்ளையுள்ள துணை வேண்டாம் என்பவர் தொடக்கத்திலேயே விலகிவிடுவார். இரண்டாவதில் மூன்றாம் சந்திப்பில் செய்தி தெரியவந்தால், அதை மறைத்ததாகவே கேட்பவர் எண்ணுவார்.

பாதுகாப்பு: இரண்டாவதே மேல், முதலாவதில் மகளின் பெயர், பள்ளி, படம் அறவே கூடாது.

நிலைத்த உறவை நாடுபவருக்கு முதலாவது பொருந்தும். வெறும் நட்பை நாடுபவருக்கு இரண்டாவது போதும், ஆனால் நேரில் சந்திக்கும் முன்பே மகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விவாகரத்து வழக்கு இன்னும் முடியாதிருந்தால் “பிரிந்து வாழ்பவர்” என்றே எழுதுவது நேர்மை.