ரீஸ்பான் வேலைக்கு 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு டெமோவைக் காட்டி ஏமாற்றினார்கள்: விளையாட்டு உருவாக்குபவர்கள் கவனத்திற்கு

"பணி முடிந்ததாக நீங்களே ஒப்புதல் அளித்திருப்பதால் இந்தப் புகாரை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாது" என்று நேற்று இரவு கடைசிப் பதில் வந்துவிட்டது. எங்கள் 18,500 ரூபாய் இனி திரும்பாது. வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இணையத் தளங்களுள் ஒன்றில்தான் இது நடந்தது. தளத்தின் பெயரையும் அந்த நிரலாளரின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. ஆனால் அவர் எங்களிடம் விற்றது என்ன, அது ஏன் வேலை செய்யாது என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதே டெமோவை அவர் இன்னொருவருக்கும் காட்டிக்கொண்டிருப்பார்.

நானும் என் அத்தை மகனும் கும்பகோணத்தில் இருந்தபடி கோடோ என்ஜினில் ஒரு விளையாட்டைச் செய்து வருகிறோம். கொள்ளிடக் கரையில் நடக்கும் கதை. நாணல் புதர், மூங்கில் காடு, பாழடைந்த சத்திரம், மதகு என்று ஒவ்வோர் இடமும் தனித்தனி ஸீன். நாணலுக்குள் மணல் திருடர்கள் இருப்பார்கள், மதகில் அவர்களுடைய தலைவன் நிற்பான். மற்ற எல்லாவற்றையும் நாங்களே செய்துவிட்டோம். ஆட்டக்காரர் ஓர் இடத்தை விட்டுப் போய்த் திரும்பி வரும்போது யார் உயிரோடு இருக்க வேண்டும், யார் இருக்கக் கூடாது என்ற ரீஸ்பான் பகுதியை மட்டும், வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தமாக முடித்துவிடலாம் என்று தீர்மானித்தோம். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்திலிருந்து மாமா எடுத்துக் கொடுத்த தொகைதான் அந்த 18,500.

எங்கள் தேவையை எழுத்தில் கொடுத்தோம். சாதாரணத் திருடன் செத்தால், விளையாட்டு நேரத்தில் 10 நிமிடம் கழிந்த பிறகு, ஆட்டக்காரர் வெளியே போய்த் திரும்பி வரும்போது மீண்டும் இருக்க வேண்டும். தலைவன் செத்தால் செத்ததுதான். இவை இரண்டும் விளையாட்டைச் சேவ் செய்து மூடிவிட்டு மறுநாள் திறந்தாலும் மாறக் கூடாது. இதில் புரியாதது எதுவும் இல்லை. பழைய மெகாமேன் விளையாட்டுகளில் எதிரி நின்ற இடம் திரையை விட்டு நகர்ந்து மறுபடி திரைக்குள் வந்தாலே எதிரியும் வந்துவிடுவான். டார்க் சோல்ஸில் பான்ஃபயரில் ஓய்வெடுத்தால் சாதாரண எதிரிகள் திரும்புவார்கள், வென்ற பாஸ் திரும்பமாட்டார். 2011-இல் வந்த ஸ்கைரிமில் ஓர் இடம் மீண்டும் நிரம்ப விளையாட்டுக் கணக்கில் 240 மணி நேரம் ஆகும், முழுவதும் முடித்த குகையாக இருந்தால் 720 மணி நேரம். இடையில் உள்ளே எட்டிப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எங்களுக்கு வேண்டியது இந்த ஸ்கைரிம் வழியின் சிறிய வடிவம் என்று அவரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தோம்.

6,000 ரூபாய் முன்பணம் போன சில நாட்களில் திரைப் பகிர்வில் டெமோ காட்டினார். அந்த இரவை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நாணல் புதரில் மூன்று திருடர்கள். அவருடைய ஆள் மூவரையும் வெட்டிவிட்டு, மரப்பாலத்தைக் கடந்து சத்திரத்துக்குப் போய், உடனே திரும்பி வந்தார். புதர் வெறுமையாக இருந்தது. பிறகு காத்திருப்பு நேரத்தை 20 விநாடி என்று மாற்றி, மறுபடி சத்திரம் வரை போய்ச் சற்று நின்று திரும்பினார். மூன்று பேரும் அதே இடத்தில், அதே திசையைப் பார்த்து நின்றார்கள். தலைவனைக் கொன்று காட்டினார், அவன் வரவில்லை. "மச்சான், இதுதான் நமக்கு வேண்டியது" என்று அத்தை மகன் சொன்னான். "ரிலீஸ் பண்ணிடுங்கண்ணே, நாளைக்குக் கோப்பு எல்லாம் வந்துடும்" என்று அவர் சொன்ன குரலில் அவ்வளவு கனிவு இருந்தது. மீதி 12,500 ரூபாயை அன்றிரவே விடுவித்தோம்.

கோப்புகளை எங்கள் விளையாட்டில் சேர்த்து ஓட்டினோம். நாணலில் மூவரைக் கொன்று, சத்திரத்துக்குப் போய், வாசலிலேயே திரும்பி வந்தால் மூவரும் நிற்கிறார்கள். மதகுக்குப் போனால் கொன்ற தலைவனும் நிற்கிறான். அவனை மறுபடி கொன்றால் மதகுச் சாவி மறுபடி விழுகிறது. வாசலைத் தாண்டித் தாண்டி வந்தே ஆட்டக்காரர் எத்தனை சாவி வேண்டுமானாலும் சேர்த்துவிடலாம் என்றால் அதற்குமேல் அந்த விளையாட்டில் என்ன இருக்கிறது?

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருடைய டெமோ ஸீனைத் திறந்து பார்த்தாலே போதுமானதாக இருந்தது. புதர், பாலம், சத்திரம் மூன்றும் ஒரே ஸீனுக்குள் இருந்தன. ஆட்டக்காரர் எங்கும் போகவேயில்லை. ஒவ்வொரு திருடனுக்கும் பக்கத்தில் ஒரு `Timer` வைத்து, செத்ததும் அதை ஓடவிட்டு, முடிந்ததும் எழுப்பியிருக்கிறார். உண்மையில் ஓர் இடத்தை விட்டு வெளியேறும்போது `change_scene_to_file` அந்த ஸீனையே நினைவகத்திலிருந்து அகற்றிவிடுகிறது, அதோடு திருடனும் `Timer`-உம் "இவன் செத்தவன்" என்ற குறிப்பும் போய்விடுகின்றன. திரும்பி வரும்போது ஸீன் கோப்பிலிருந்து புதிதாக ஏற்றப்படுகிறது, கோப்பில் எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அடகுச் சீட்டை அடகுக் கடைக்காரரிடமே விட்டு வருவது போன்ற ஏற்பாடு இது. யார் எப்போது செத்தார்கள் என்ற கணக்கு, அவர்கள் இருக்கும் இடத்துக்கு வெளியே இருந்தே ஆக வேண்டும். இந்தத் துறையில் வேலை செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

இதைச் சொன்னதும் முதல் பதில், "உங்க ப்ராஜெக்ட் செட்டிங்ல ஏதோ தப்பு இருக்கும்ணே" என்பது. ஸீன் மாறுவதைப் படம் பிடித்து அனுப்பிய பிறகு ஒரு திருத்தம் வந்தது. இம்முறை ஸீனுக்கு வெளியே, ஸீன் மாறினாலும் அழியாத ஆட்டோலோடில் ஒரு பட்டியல் இருந்தது, ஆனால் செத்தவனை அடையாளம் காண `get_instance_id()` தரும் எண்ணைப் பயன்படுத்தியிருந்தார். அந்த எண் ஒவ்வொரு முறை ஸீன் ஏறும்போதும் புதிதாக வழங்கப்படுவது. ஒரே திருடனின் எண்ணை அச்சிட்டுப் பார்த்தோம்: போகுமுன் ஓர் எண், வந்தபின் வேறோர் எண். பட்டியல் நீண்டுகொண்டே போனது, திருடர்களும் வந்துகொண்டே இருந்தார்கள். 18,500 ரூபாய்க்கு இதைக்கூட ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறார்.

அடுத்த திருத்தத்தில் பெயரை வைத்து அடையாளம் கண்டார், அது சரிதான். ஆனால் செத்த நேரத்தை `Time.get_ticks_msec()` கொண்டு குறித்தார். அது என்ஜின் தொடங்கியதிலிருந்து எண்ணுவது, விளையாட்டை மூடித் திறந்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். என்ன ஆயிற்று என்றால், விளையாட ஆரம்பித்து 40-ஆவது நிமிடத்தில் ஒரு திருடனைக் கொன்று, சேவ் செய்து, மூடிவிட்டேன். பதிவான எண் 24,00,000 மில்லி விநாடி. மறுநாள் திறந்து 15 நிமிடம் விளையாடியபோது கடிகாரம் 9,00,000 மட்டுமே காட்டியது. கழித்தால் எதிர்க்குறி எண் வருகிறது, 10 நிமிடம் ஆகவில்லை என்று நிரல் முடிவு செய்கிறது. அன்றைய ஆட்டம் 50 நிமிடத்தைத் தாண்டும்வரை அந்தத் திருடன் வரவே மாட்டான். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு மூடுகிறவருக்குக் கொள்ளிடக் கரை நிரந்தரமாகக் காலியாகிவிடும். இது டெமோவில் தெரியாது, முதல் நாள் சோதனையிலும் தெரியாது. மூடித் திறந்தால் மட்டுமே தெரியும்.

இதை எழுதி அனுப்பியபோது, "சேவ் சம்பந்தமானது தனி வேலை, அதற்குத் தனிக் கட்டணம்" என்று பதில் வந்தது. எங்கள் மூன்றாவது விதியே சேவ் பற்றியதுதான் என்று காட்டினோம். அதன் பிறகு செய்தியைப் படித்ததற்கான குறி மட்டும் வந்தது, பதில் வரவில்லை. தளத்தில் முறையிட்டால் ஒவ்வொரு முறையும் வேறொருவர், எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கச் சொன்னார். ஒருவர், "கோப்புகள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன அல்லவா?" என்று கேட்டார். கோப்பு வந்தது, வேலை வரவில்லை என்ற வேறுபாட்டை அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. முடிவு நேற்று வந்த அந்த ஒரு வரி.

கடைசியில் நாங்களே உட்கார்ந்து எழுதினோம். ஆட்டோலோடில் இருக்கும் இதன் மையப் பகுதி இவ்வளவுதான்:

```
var game_time := 0.0
var died_at := {}

func _process(delta):
    game_time += delta

func can_spawn(id: String, wait: float) -> bool:
    if not died_at.has(id):
        return true
    if wait < 0.0:
        return false
    return game_time - died_at[id] >= wait
```

`id` என்பது ஒவ்வொரு எதிரிக்கும் நாமே கையால் கொடுக்கும் மாறாத பெயர். செத்ததும் `died_at`-இல் அந்தப் பெயருக்கு எதிரே அப்போதைய `game_time` எழுதப்படும். ஸீன் ஏறும்போது ஒவ்வொரு எதிரியும் ஒரே ஒரு தடவை இதைக் கேட்கும், `false` என்று வந்தால் தன்னை நீக்கிக்கொள்ளும். `wait` என்பது விநாடிக் கணக்கில் காத்திருப்பு நேரம், தலைவனுக்கு மட்டும் -1. `game_time`, `died_at` இரண்டும் சேவ் கோப்பில் போக வேண்டும். எந்த `Timer`-உம் ஓடத் தேவையில்லை, ஆட்டக்காரரின் கண்முன் யாரும் திடீரென்று முளைக்கவும் மாட்டார்கள். ஒரு குறை மட்டும் இதில் உண்டு. ஆட்டக்காரர் 10 நிமிடம் புதருக்குள்ளேயே நின்றுவிட்டு, வெளியே கால் வைத்து உடனே திரும்பினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அதற்காக இடத்தை விட்டு வெளியேறிய நேரத்தையும் குறித்துக்கொண்டு, செத்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டில் பிந்தியதிலிருந்து எண்ணும்படி இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வேலையை வெளியில் கொடுப்பவர்களுக்கு எப்படி ஒப்பந்தம் எழுதுவது, எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. டெமோவை அவருடைய திட்டத்தில் பார்க்காதீர்கள், உங்கள் திட்டத்தில், ஸீன் உண்மையிலேயே மாறும் இரண்டு இடங்களுக்கு நடுவே ஓட்டச் சொல்லுங்கள். பாஸைக் கொன்று, சேவ் செய்து, விளையாட்டை முழுவதும் மூடி, திறந்து, உங்கள் காலால் அங்கே நடந்து போய்ப் பாருங்கள். காத்திருப்பு நேரத்தை 20 விநாடியாகக் குறைத்துக் காட்டினால் உண்மையான நேரத்திலும் ஒரு தடவை ஓட்டச் சொல்லுங்கள். நிரலில் `get_instance_id` அல்லது `get_ticks_msec` என்று தேடிப் பாருங்கள், செத்தவர் கணக்கில் அவை இருந்தால் பணத்தை விடுவிக்காதீர்கள். இதே மரப்பாலமும் மூன்று திருடர்களும் உள்ள டெமோவை யாராவது உங்களுக்குக் காட்டியிருந்தால், தயவுசெய்து கீழே எழுதுங்கள்.