429 வந்தால் என்ன செய்வது: இரண்டு வருடம் பங்கு விலை ஸ்கிரிப்ட் ஓட்டிய அனுபவம்

தக்கலையில் வீட்டில் இருந்துகொண்டே தேசியப் பங்குச் சந்தையில் 180 பங்குகளின் ஐந்து நிமிடக் கேண்டில்களை, அதாவது ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்குமான விலைப் பதிவுகளை, எடுக்கும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றை இரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் தரகரின் ஏபிஐயில் பழைய கேண்டில் கேட்பதற்கு நொடிக்கு 3 கோரிக்கைதான் அனுமதி, அதைத் தாண்டினால் 429 என்ற பதில் வரும், 'அளவுக்கு மீறிக் கேட்கிறாய், பொறு' என்று அர்த்தம். அந்தப் பதிலை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் புரியவே நாலைந்து மாதம் ஆனது.

முதலில் எழுதிய ஸ்கிரிப்டில் ஒரே நேரத்தில் ஓடும் நான்கு த்ரெட். எதற்காவது பிழை வந்தால் உடனே மறுபடி கேள், ஐந்து முறை வரை கேள், அப்புறமும் வராவிட்டால் முந்தின கேண்டிலின் விலையையே போட்டுவிட்டு அடுத்த பங்குக்குப் போ. நெட் நடுவில் விட்டு வந்தால் சமாளிக்க வேண்டும் என்று நினைத்து எழுதியது. ஒரு நாள் பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட பங்குகளில் 9:15 கேண்டிலுக்கும் 9:20 கேண்டிலுக்கும் பைசா மாறாமல் ஒரே விலை. சந்தை அப்படி அசையாமல் நிற்காது. சரி என்று லாகைத் திறந்து, ஒரே ஒரு நொடியை மட்டும் எடுத்து எண்ணினேன். 41 வரி இருந்தது. அதில் 3 வரியில் 200, அதாவது கேட்டது கிடைத்தது, மீதி 38 வரியும் 429.

கணக்கு எளிது. மறுப்புப் பதில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிடுகிறது, வந்த உடனே த்ரெட் மறுபடி கேட்கிறது, நான்கு த்ரெட்டும் சேர்ந்து நொடிக்கு 40 தடவை கதவைத் தட்டுகின்றன. உள்ளே விடுவது 3 தான். ஒவ்வொரு பங்கும் தன் ஆறு முயற்சியையும் ஒரு நொடிக்குள் தீர்த்துவிட்டுத் தோற்றுப்போகிறது. மொத்தப் பட்டியலும் சுமார் 20 நொடியில் ஓடி முடிந்துவிடும், புது விலை வந்தது ஏறக்குறைய 60 பங்குக்கு, மீதி 120க்கும் பழைய விலை. ஸ்கிரிப்ட் ஒரு பிழையும் காட்டாமல் 'முடிந்தது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு ரொம்பக் கோபம் வந்தது அந்தப் பழைய விலையை நிரப்பும் வரிமேல்தான். விலை கிடைக்கவில்லை என்றால் அந்த இடம் வெற்றாக இருக்க வேண்டும், இன்றுவரை அதில் நான் கறார்.

அடுத்து எல்லோரும் செய்வதைச் செய்தேன். 429 வந்தால் 1 நொடி, மறுபடி வந்தால் 2, அப்புறம் 4, 8 என்று காத்திருக்க வைத்தேன். கொஞ்சம் குறைந்தது, தீரவில்லை. ஏன் என்றால் காத்திருந்தது அந்த 429ஐ வாங்கிய த்ரெட் மட்டும். பக்கத்தில் இருக்கும் மூன்று த்ரெட்டுக்கும் விஷயமே தெரியாது, அவை தட்டிக்கொண்டே இருக்கின்றன, முதல் த்ரெட் தூங்கி எழுந்து வரும்போது வரம்பு மறுபடி நிறைந்திருக்கிறது. வரம்பு என் ஏபிஐ சாவிக்கு மொத்தமாக உள்ளது, த்ரெட்டுக்கு ஒன்று என்று கிடையாது. அதனால் காத்திருப்பும் மொத்தமாகத்தான் இருக்க வேண்டும். எல்லாக் கோரிக்கையும் ஒரே வாசல் வழியாகப் போகிற மாதிரி மாற்றி, யாருக்கு 429 வந்தாலும் வாசலையே மூடினேன்:

```python
def wait_for(n, retry_after=None):
    if retry_after is not None:
        return retry_after + random.uniform(0, 1)
    return random.uniform(0, min(60, 2 ** n))

with lock:
    pause_until = max(pause_until,
                      time.monotonic() + wait_for(n, retry_after))
```

ஒவ்வொரு த்ரெட்டும் கேட்பதற்கு முன் `pause_until` தாண்டிவிட்டதா என்று பார்க்கும். சர்வர் `Retry-After` என்ற தலைப்பை அனுப்பினால் அது சொல்வதுதான் கணக்கு, அதற்கு முன்னால் ஒரு தடவைகூடக் கேட்கக் கூடாது. அதில் நொடிகளும் வரலாம், தேதியும் நேரமுமாகவும் வரலாம், இரண்டையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது வராதபோதுதான் நம் சொந்தக் கணக்கு, அதில் `random` முக்கியம். 9:20க்கு என்னைப் போலவே எத்தனையோ பேருடைய ஸ்கிரிப்டுகள் ஒரே நேரத்தில் கிளம்பும். எல்லோரும் சரியாக 2 நொடி காத்திருந்தால் எல்லோரும் சரியாக 2 நொடி கழித்து மறுபடி மோதுவார்கள். இதே காரணத்துக்காக, கேண்டில் முடிந்ததும் பாயாமல் சில நொடி விட்டுத்தான் இப்போது தொடங்குகிறேன்.

விடாமல் தட்டினால் என்ன ஆகும் என்பதற்கு பைனான்ஸ் என்ற கிரிப்டோ சந்தையின் ஏபிஐ ஆவணம் நல்ல உதாரணம்: 429 வந்த பிறகும் நிறுத்தாவிட்டால் 418 என்று பதில் வரும், ஐபி முகவரியே தடைசெய்யப்படும், திரும்பத் திரும்பச் செய்தால் தடை 2 நிமிடத்தில் தொடங்கி 3 நாள் வரை நீளும்.

அப்புறம் வேகம். நொடிக்கு 3 என்றால் 3 அனுப்பலாம் என்றுதான் நானும் இருந்தேன். ஜூன் மழையில் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டும்போது திடீர் திடீரென்று ஒற்றை 429கள். என் பக்கம் இடைவெளி சீராக இருந்தது, ஆனால் நெட் ஒரு கணம் திணறிவிட்டு இரண்டு மூன்று கோரிக்கைகளைச் சேர்த்து ஒன்றாகத் தள்ளினால் சர்வர் பக்கம் ஒரு நொடிக்குள் நாலு விழும். அதனால் நொடிக்கு 2.5, அதாவது 0.4 நொடி இடைவெளி. 180 பங்குக்கு 72 நொடி ஆகிறது, ஐந்து நிமிடக் கேண்டிலுக்கு இது தாராளம். ஒரு நிமிடக் கேண்டிலாக இருந்திருந்தால் முழு வேகத்தில் போனாலே 60 நொடியும் தீர்ந்துவிடும், மறுபடி கேட்க இடமே இருக்காது, அங்கே பங்குகளைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று. காற்றடித்து ரப்பர் மரம் லைன்மேல் விழுந்து இரண்டு மணி நேரம் கரண்டும் நெட்டும் போன நாளில், திரும்பி வந்ததும் ஸ்கிரிப்ட் விட்டுப்போன 24 சுற்றையும் வரிசையில் வைத்துக்கொண்டது. 24 பெருக்கல் 180, மொத்தம் 4320 கோரிக்கை. 2.5 வேகத்தில் போனாலும் 29 நிமிடம் ஆகும், அதற்குள் புதிதாக ஐந்து சுற்று சேர்ந்துவிடும். ஆனால் அந்த ஏபிஐ ஒரே கோரிக்கையில் 'எதிலிருந்து, எதுவரை' என்று கேட்க விடுகிறது. இப்போது நெட் வந்தால் பழைய வரிசையை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, பங்குக்கு ஒரு கோரிக்கையாக முழு இடைவெளியையும் கேட்கிறேன். 180 கோரிக்கை, 72 நொடி. கடைசியில் வரும் முடியாத கேண்டிலை மட்டும் சேமிக்கக் கூடாது, அதன் விலை இன்னும் மாறிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் போன வருடம் ஒரு வாரம் முழுக்க, ஒவ்வொரு ஐந்து நிமிடமும் தொடங்கும்போது 429 வந்தது. என் லாகில் எந்த நொடியிலும் 3ஐத் தாண்டவில்லை. நம் எண்ணிக்கை சரியாக இருந்தும் 429 வருகிறது என்றால் அதே சாவியை வேறு ஏதோ பயன்படுத்துகிறது என்று பொருள், வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்து, குலசேகரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"மாடி ரூம்ல என் பழைய லேப்டாப் ஓடுதாம்மா?"

"நீ ஆடிக்கு வந்தப்ப போட்டுட்டுப் போனது அப்படியே கிடக்கு மக்கா. லைட்டு எரியுது."

தினமும் எடுக்கும் டோக்கன் இரண்டு கணினிக்கும் ஒத்திசையும் ஒரே கோப்புறையில் இருந்ததால் அதுவும் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது, அதுவும் பழைய நான்கு த்ரெட் ஸ்கிரிப்டோடு. லேப்டாப்பை அணைக்கச் சொன்னேன். மணி 2:10. 2:15 கேண்டிலில் இருந்து 180க்கு 180ம் 200.